மார்ச் 31: எந்தக் கணக்கை மூடுவது, எதை ஏப்ரலுக்குக் கொண்டுபோவது?

கடைக் கணக்கு எழுதுகிறவர்கள், பள்ளியில் கணக்குப்பதிவியல் படிக்கிறவர்கள், டாலி தெரியும் என்று வேலையில் சேர்ந்து முதல் மார்ச்சைச் சந்திக்கிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. குழப்பம் வராமல் இருக்க, பெரும்பாலும் ஒரே கடையை வைத்துப் பதில் சொல்கிறேன். ஒருவரே உரிமையாளராக இருக்கும் எழுதுபொருள் கடை அது. கணக்காண்டு 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பற்றித் தனியாக ஓரிடத்தில் சொல்கிறேன்.

"வருடக் கடைசியில் சில கணக்குகளை மூடுகிறோம், சிலவற்றை அப்படியே விட்டுவிடுகிறோம். எதை வைத்து இப்படிப் பிரிக்கிறார்கள்?"

ஒருவர் உங்களிடம் "வாடகை 1,20,000" என்று சொன்னால், நீங்கள் உடனே என்ன கேட்பீர்கள்? "எத்தனை மாதத்துக்கு?" என்றுதான். அதே ஆள் "வங்கியில் 96,000" என்று சொன்னால் "எத்தனை மாதத்துக்கு?" என்று கேட்க மாட்டீர்கள். "என்றைக்கு?" என்று கேட்பீர்கள்.

பிரிவு இந்த இடத்தில்தான் இருக்கிறது. விற்பனை, கொள்முதல், வாடகை, சம்பளம், மின்கட்டணம், தேய்மானம், பெற்ற தள்ளுபடி இவையெல்லாம் ஒரு காலத்துக்குள் நடந்ததைக் கூட்டிச் சொல்கின்றன. காலம் முடிந்தால் அந்தக் கூட்டலும் முடிய வேண்டும். இவை தற்காலிகக் கணக்குகள். ரொக்கம், வங்கி, கடனாளிகள், தளவாடங்கள், கடனீந்தோர், முதல் இவை ஒரு தேதியில் கையில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தர வேண்டும் என்று சொல்கின்றன. மார்ச் 31 இரவு வங்கியில் இருந்த பணம் ஏப்ரல் 1 காலையில் காணாமல் போவதில்லை. ஆகவே இவை நிலையான கணக்குகள்.

வாடகைக் கணக்கை மூடாமல் விட்டால் அடுத்த மார்ச்சில் அதில் 2,40,000 நிற்கும். விற்பனையிலும் இரண்டு வருடம் சேர்ந்து நிற்கும். இந்த வருட இலாபம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

கையால் எழுதிய பேரேடு கிடைத்தால் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாடமே தேவைப்படாது. வாடகைப் பக்கத்தில் பற்றுப் பக்கம் பன்னிரண்டு மாத வாடகை வரிசையாக இருக்கும். வரவுப் பக்கம் ஒரே ஒரு வரி: மார்ச் 31, இலாப நட்டக் கணக்கு, 1,20,000. இரண்டு பக்கமும் கூட்டி இரட்டைக் கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு கடனாளியின் பக்கத்தைத் திருப்புங்கள். கடைசி வரி "இருப்பு கீ/இ" என்று இருக்கும். இரட்டைக் கோட்டுக்குக் கீழே ஏப்ரல் 1 தேதியிட்டு "இருப்பு கீ/கொ" என்று அதே தொகை மறுபடி தொடங்கியிருக்கும். கோட்டுக்குக் கீழே ஏதாவது இறங்குகிறதா, இல்லையா என்பதுதான் நிலையான கணக்குக்கும் தற்காலிகக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம்.

ஒன்று சொல்ல வேண்டும். மூடுவது என்றால் அந்தத் தலைப்பையே எடுத்துவிடுவது இல்லை. இருப்பைச் சுழியமாக்குவது, அவ்வளவுதான். ஏப்ரல் வாடகையை அதே தலைப்பில்தான் எழுதுவோம்.

"பள்ளியில் ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு என்று படித்தோம். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?"

பெயரளவுக் கணக்குகள் எல்லாம் தற்காலிகம். சொத்துக் கணக்குகளும் ஆள்சார் கணக்குகளும் நிலையானவை. விதிவிலக்கு ஒன்று உண்டு: எடுப்புகள். அது உரிமையாளரைப் பற்றிய கணக்கு என்பதால் பாடத்தில் ஆள்சார் கணக்காக வரும். ஆனாலும் வருடா வருடம் மூடித்தான் ஆக வேண்டும். தேர்விலும் வேலையிலும் பலர் தடுமாறுவது இதில்தான். கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

"பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுகிறேன். சம்பளம் தற்காலிகம், கொடுபட வேண்டிய சம்பளம் நிலையானது என்கிறார்கள். எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?"

நினைவில் வைக்க முயலாதீர்கள். ஒவ்வொரு கணக்கிடமும் ஒன்று கேளுங்கள்: ஏப்ரல் 1 காலையில் இந்தத் தொகைக்காக யாராவது என்னிடம் வருவார்களா, அல்லது நான் யாரிடமாவது போக முடியுமா, அல்லது தொட்டுக் காட்ட ஏதாவது இருக்கிறதா? ஆம் என்றால் அது நிலையானது.

சம்பளம் 1,44,000 என்பது வருடம் முழுக்க ஆன செலவு. அதற்காக யாரும் இனி வரப்போவதில்லை. கொடுபட வேண்டிய சம்பளம் 12,000 என்றால், மார்ச் மாதம் வேலை செய்த பையன் ஏப்ரலில் வந்து வாங்கப் போகிறான். ஆகவே அது ஏப்ரலுக்குள் போக வேண்டும். இதேபோல வாராக்கடன் தற்காலிகம். ஐயக்கடனுக்காக வைத்த ஒதுக்கு நிலையானது. தேய்மானம் தற்காலிகம், தேய்மானத்தைச் சொத்தில் நேரடியாகக் கழிக்காமல் தனியாகச் சேர்த்துவரும் கணக்கு ஒன்று வைத்திருந்தால் அது நிலையானது, ஏனென்றால் அது அந்தச் சொத்தோடு ஒட்டிக்கொண்டே போகும்.

ஜிஎஸ்டியும் இப்படித்தான். "வரி" என்ற பெயரைப் பார்த்து அதைச் செலவு என்று எண்ணி மூடிவிடுகிறவர்கள் உண்டு. விற்பனையில் வசூலித்த வரி அரசுக்குத் தர வேண்டியது. கொள்முதலில் கட்டி, உள்ளீட்டு வரவாக எடுக்கத் தகுதியுள்ள வரி நமக்குக் கழித்துக்கொள்ள வேண்டியது. இரண்டும் ஏப்ரலுக்குப் போகும்.

பெயரை நம்பி ஏமாந்ததற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடையில் இடத்துக்குக் கொடுத்த முன்பணம் 60,000 ரூபாயை, முதல் மாத வாடகையோடு சேர்த்து வாடகைக் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். மார்ச் 31 அன்று வாடகைக் கணக்கு மூடப்பட்டது. முன்பணமும் அதோடு இலாப நட்டக் கணக்குக்குப் போய்விட்டது. அந்த வருட இலாபம் 60,000 குறைந்தது. அதைவிட மோசம், அடுத்த வருடப் புத்தகத்தில் "இடத்துக்காரரிடம் நம் பணம் 60,000 இருக்கிறது" என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. நான்கு வருடம் கழித்துக் கடையைக் காலி செய்யும்போது, பழைய ரசீதைத் தேடி எடுத்துத்தான் அந்தப் பணத்தைக் கேட்க வேண்டியிருந்தது. தற்காலிகக் கணக்கில் போன தொகையை அடுத்த வருடம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதை மார்ச்சில் இல்லை, பணம் கொடுக்கும் அன்றைக்கே யோசிக்க வேண்டும்.

"இறுதிப் பதிவுகளை என்ன வரிசையில் எழுத வேண்டும்? ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்."

முதலில் சரிக்கட்டுப் பதிவுகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நம் கடையில் மார்ச் சம்பளம் 12,000 பாக்கி. அதைச் சம்பளத்தில் சேர்த்தாயிற்று. தளவாடங்கள் 1,20,000 மீது 10 சதவீதம் தேய்மானம் 12,000 எழுதியாயிற்று. அதற்குப் பிறகு எடுத்த இருப்பாய்வு இது.

பற்று இருப்புகள்: தொடக்கச் சரக்கிருப்பு 2,40,000, கொள்முதல் 11,20,000, உள்தூக்குக் கூலி 18,000, வாடகை 1,20,000, சம்பளம் 1,44,000, மின்கட்டணம் 16,000, தேய்மானம் 12,000, எடுப்புகள் 1,80,000, ரொக்கம் 14,000, வங்கி 96,000, கடனாளிகள் 1,35,000, தளவாடங்கள் 1,08,000. மொத்தம் 22,03,000.

வரவு இருப்புகள்: விற்பனை 16,50,000, பெற்ற தள்ளுபடி 8,000, கடனீந்தோர் 1,25,000, கொடுபட வேண்டிய சம்பளம் 12,000, முதல் 4,08,000. மொத்தம் 22,03,000.

மார்ச் 31 மாலை கடையில் சரக்கை எண்ணி மதிப்புப் போட்டதில் 2,75,000 வந்தது.

இப்போது மூடலாம். அடிப்படை ஒன்றுதான்: பற்று இருப்பு உள்ள கணக்கை வரவு வைத்தால் அது சுழியமாகும், வரவு இருப்பு உள்ளதைப் பற்று வைத்தால் சுழியமாகும். எடுத்த தொகையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதுதான் பதிவின் மறுபாதி.

சரக்கு சம்பந்தப்பட்டவை முதலில் வியாபாரக் கணக்குக்குப் போகின்றன.

வியாபார க/கு ப 13,78,000
— தொடக்கச் சரக்கிருப்பு க/கு 2,40,000
— கொள்முதல் க/கு 11,20,000
— உள்தூக்குக் கூலி க/கு 18,000

விற்பனை க/கு ப 16,50,000
— வியாபார க/கு 16,50,000

இறுதிச் சரக்கிருப்பு க/கு ப 2,75,000
— வியாபார க/கு 2,75,000

இப்போது வியாபாரக் கணக்கில் வரவு 19,25,000, பற்று 13,78,000. வித்தியாசம் 5,47,000 மொத்த இலாபம். அதை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறோம்.

வியாபார க/கு ப 5,47,000
— இலாப நட்ட க/கு 5,47,000

கடை நடத்தும் செலவுகளும் இதர வருமானமும் அடுத்து.

இலாப நட்ட க/கு ப 2,92,000
— வாடகை க/கு 1,20,000
— சம்பள க/கு 1,44,000
— மின்கட்டண க/கு 16,000
— தேய்மான க/கு 12,000

பெற்ற தள்ளுபடி க/கு ப 8,000
— இலாப நட்ட க/கு 8,000

இலாப நட்டக் கணக்கில் வரவு 5,55,000, பற்று 2,92,000. நிகர இலாபம் 2,63,000. அது உரிமையாளருக்குச் சேர வேண்டியது.

இலாப நட்ட க/கு ப 2,63,000
— முதல் க/கு 2,63,000

கடைசியாக, அவர் வீட்டுக்கு எடுத்தது.

முதல் க/கு ப 1,80,000
— எடுப்புகள் க/கு 1,80,000

முதல் 4,08,000ல் தொடங்கி, 2,63,000 கூடி, 1,80,000 குறைந்து, 4,91,000ல் நிற்கிறது. கவனியுங்கள், வியாபாரக் கணக்கும் இலாப நட்டக் கணக்கும்கூடச் சுழியமாகிவிட்டன. அவை மூடுவதற்காகவே திறக்கப்பட்டு, வேலை முடிந்ததும் தாங்களும் மூடிக்கொள்கிற கணக்குகள்.

"நிகர நட்டம் வந்தால்?"

கடைசிக்கு முந்தைய பதிவு மட்டும் திரும்பும். முதல் கணக்கைப் பற்று வைத்து, இலாப நட்டக் கணக்கை வரவு வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே.

"சரக்கிருப்பு தற்காலிகமா, நிலையானதா? தொடக்கச் சரக்கை மூடுகிறோம், இறுதிச் சரக்கை வைத்துக்கொள்கிறோம். இரண்டும் சரக்குதானே?"

சரக்கிருப்பு நிலையானதுதான், தொட்டுக் காட்ட முடியும். ஆனால் சிறு கடைகளில் ஒவ்வொரு நோட்டு விற்கும்போதும் சரக்குக் கணக்கைக் குறைப்பதில்லை. ஏப்ரல் 1 அன்று எழுதிய 2,40,000 வருடம் முழுக்க அசையாமல் நிற்கும். மார்ச் 31 அன்று அது பழைய செய்தி. ஆகவே பழைய தொகையை வியாபாரக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, எண்ணி எடுத்த புதிய தொகையை அந்த இடத்தில் வைக்கிறோம். இருப்பைப் புதுப்பிக்கும் வேலை இது. மூடும் பதிவுகளின் நடுவே நடப்பதால்தான் குழப்புகிறது.

இந்தப் பதிவை மறந்தால் என்ன ஆகும் என்று நம் கடையிலேயே பாருங்கள். மொத்த இலாபம் 5,47,000 வர வேண்டிய இடத்தில் 2,72,000 வரும். தள்ளுபடியைக் கூட்டிச் செலவைக் கழித்தால், 2,63,000 இலாபம் வர வேண்டிய கடை 12,000 நட்டத்தில் நிற்கும். அடுத்த வருடம் தொடக்கச் சரக்கு இல்லாததால் அந்த வருட இலாபம் 2,75,000 கூடுதலாகத் தெரியும். இரண்டு வருடமும் பொய்.

இதில் பயப்பட வேண்டிய விஷயம், இருப்பாய்வு இந்தத் தவற்றைக் காட்டிக்கொடுக்காது. பற்று, வரவு இரண்டு பக்கமும் ஒரே தொகை விடுபடுவதால் இரண்டும் சமமாகவே வரும். காட்டிக்கொடுப்பது மொத்த இலாப விகிதம். நம் கடைக்கு அது விற்பனையில் சுமார் 33 சதவீதம். பதிவை மறந்தால் அது 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும். ஒரே தெருவில், ஒரே மாதிரிச் சரக்கை விற்கிற கடைக்கு அந்த விகிதம் ஒரே வருடத்தில் பாதியாக விழாது. விழுந்தால் முதலில் இறுதிச் சரக்கைப் பாருங்கள்.

"எடுப்பும் கடையிலிருந்து வெளியே போகிற பணம்தானே? ஏன் அதைச் செலவோடு சேர்த்து இலாப நட்டக் கணக்கில் மூடக்கூடாது?"

வாடகை கொடுத்தது கடை நடக்க. வீட்டுக்கு எடுத்தது உரிமையாளர் வாழ. கடை சம்பாதிக்க உதவாத பணத்தை, கடை எவ்வளவு சம்பாதித்தது என்று கணக்கிடும் இடத்தில் கழிக்க முடியாது. தன் பங்கில் ஒரு பகுதியை அவர் முன்னாலேயே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆகவே அது நேராக முதலில் கழியும்.

தப்பாகச் செய்தால் எப்படித் தெரியும் என்று கேட்டால், சிக்கலே அதில்தான் இருக்கிறது. 1,80,000ஐ இலாப நட்டக் கணக்கில் மூடினால் நிகர இலாபம் 83,000 என்று வரும். அது முதலில் சேரும்போது முதல் 4,91,000தான் ஆகும். இருப்புநிலைக் குறிப்பு அப்படியே சரியாக வரும். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஆனால் வருமான வரிக்கு 2,63,000 காட்ட வேண்டிய இடத்தில் 83,000 காட்டியிருப்போம்; கடன் கேட்டுப் போனால் வங்கியும் அந்த 83,000ஐத்தான் பார்க்கும். ஆகவே இருப்புநிலைக் குறிப்பு சமமாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இலாப நட்டக் கணக்கின் செலவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது கடைக்கா, வீட்டுக்கா என்று கேட்க வேண்டும்.

வீட்டு மின்கட்டணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், உரிமையாளரின் ஆயுள் காப்பீட்டுத் தவணை இவை எளிதாகப் பிடிபடும். பலர் தவறவிடுவது உரிமையாளர் தனக்காகக் கட்டும் வருமான வரி. தனி உரிமையாளர் கடையில் அதுவும் எடுப்புதான்.

"எல்லாம் மூடியாயிற்று. சரியாக மூடினேனா என்று எப்படிப் பார்ப்பது?"

இன்னொரு இருப்பாய்வு எடுங்கள். நம் கடைக்கு இப்போது இவை மட்டும் மிஞ்ச வேண்டும். பற்றில் ரொக்கம் 14,000, வங்கி 96,000, கடனாளிகள் 1,35,000, சரக்கிருப்பு 2,75,000, தளவாடங்கள் 1,08,000; மொத்தம் 6,28,000. வரவில் கடனீந்தோர் 1,25,000, கொடுபட வேண்டிய சம்பளம் 12,000, முதல் 4,91,000, மொத்தம் 6,28,000.

மொத்தம் சமமாக வருவதைவிட, பட்டியலில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்பது முக்கியம். மின்கட்டணம் 200 ரூபாய் என்று ஒரு வரி நின்றால், கடைசி பில் ஒன்றை மூடிய பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள். எடுப்புகள் நின்றால் கடைசிப் பதிவை மறந்துவிட்டீர்கள். மீதியுள்ள ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு சாட்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்: வங்கிக்கு வங்கி அறிக்கை, கடனாளிக்கு அவர் ஒப்புக்கொள்ளும் பாக்கி, ரொக்கத்துக்குக் கல்லாப்பெட்டி.

இந்தப் பட்டியல்தான் ஏப்ரல் 1ன் தொடக்கப் பதிவு. வரிக்கு வரி இதையே புதிய புத்தகத்தில் எழுதுகிறோம்.

"இணையத்தில் பார்க்கும் அமெரிக்கப் பாடங்களில் இன்கம் சம்மரி என்று ஒரு கணக்கு வருகிறது. நம் புத்தகத்தில் அது இல்லையே?"

நாம் வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு என்று இரண்டு படியாகச் செய்வதை அவர்கள் அந்த ஒரே கணக்கில் செய்கிறார்கள். வருமானம் எல்லாம் அதற்குள் போகும், செலவு எல்லாம் போகும், மிச்சம் முதலுக்கோ, நிறுமமாக இருந்தால் தக்கவைத்த இலாபத்துக்கோ போகும். விடை ஒன்றுதான். மொத்த இலாபம் தனியாகத் தெரிவது நம் முறையின் வசதி. சரக்குத் தவற்றைப் பிடிக்க அது எவ்வளவு உதவுகிறது என்று மேலே பார்த்தோம்.

"டாலியில் கணக்கு வைத்திருக்கிறோம். இந்த எட்டுப் பதிவையும் அதில் போட வேண்டுமா?"

வேண்டாம், போடக் கூடாது. வருமானம், செலவுத் தலைப்புகளின் இருப்பை டாலி புதிய நிதியாண்டில் தானாகவே சுழியத்திலிருந்து தொடங்கும். விற்பனையையும் வாடகையையும் நீங்களே மார்ச் 31 தேதியில் ஜர்னல் போட்டு மூடினால், அந்த வருட இலாப நட்ட அறிக்கையைத் திறக்கும்போது அந்தத் தலைப்புகள் எல்லாம் வெறுமையாக நிற்கும். அறிக்கை அந்த இருப்புகளைப் படித்துத்தான் தயாராகிறது. நீங்கள் அவற்றை அழித்துவிட்டீர்கள். பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி இப்படிச் செய்து, இரவு முழுக்க அறிக்கையைத் தேடிக்கொண்டிருந்தார். பதிவுகளில் ஒரு பிழையும் இல்லை. அவை கைப்புத்தகத்துக்கானவை, அவ்வளவுதான்.

ஆனால் கடைசி இரண்டு பதிவுகளை டாலி தானாகச் செய்யாது. நிகர இலாபம் `Profit & Loss A/c` என்ற பெயரில் இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்திருக்கும். உரிமையாளரின் முதலில் தானாகச் சேராது. F7 அழுத்தி மார்ச் 31 தேதியில் ஒரு ஜர்னல் போட வேண்டும்: `Profit & Loss A/c` பற்று 2,63,000, முதல் வரவு 2,63,000.

எடுப்புகள் இன்னும் கவனிக்க வேண்டியது. வழக்கமாக அதை `Capital Account` குழுவின் கீழ் திறப்போம். அந்தக் குழுவில் இருப்பவை நிலையான கணக்குகள் என்றுதான் டாலி எடுத்துக்கொள்ளும். இருப்பை அடுத்த வருடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகும். வருடம் 1,80,000 எடுக்கிற ஒருவர் மூன்று வருடம் மூடாமல் விட்டால் எடுப்பில் 5,40,000 நிற்கும். "இந்த வருடம் எவ்வளவு எடுத்தேன்?" என்று அவர் கேட்டால் புத்தகம் தப்பான பதில் சொல்லும். இதற்கும் மார்ச் 31 தேதியில் முதல் பற்று, எடுப்புகள் வரவு என்று ஜர்னல் வேண்டும்.

மென்பொருளில் ஒரு தலைப்பு தற்காலிகமா நிலையானதா என்பதை அதன் குழுதான் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன 60,000 முன்பணத்தை `Indirect Expenses` கீழ் திறந்தால் ஏப்ரல் 1ல் காணாமல் போகும்; `Deposits (Asset)` கீழ் திறந்தால் காலி செய்யும் நாள்வரை நிற்கும். சோதிக்க எளிய வழி: தலைப்பைத் திறந்து, காலத்தை ஏப்ரல் 1லிருந்து வைத்து, தொடக்க இருப்பைப் பாருங்கள். இருக்க வேண்டியது இல்லாமல் இருந்தாலும், இருக்கக் கூடாதது இருந்தாலும் குழு தப்பு.

"கூட்டாண்மை, நிறுமம் என்றால் மாறுமா?"

இலாப நட்டக் கணக்கு வரை மாறாது. அதன்பின் கூட்டாண்மையில் இலாபம் பகிர்வுக் கணக்கு வழியாகக் கூட்டாளிகளுக்குப் பிரியும். முதல் மாறாத முறை என்றால் அவரவர் நடப்புக் கணக்கில் இலாபமும் எடுப்பும் சேரும். நிறுமத்தில் எடுப்பு என்பதே இல்லை. இலாபம் காப்பும் மிகுதியும் என்ற தலைப்பில் சேர்ந்து, பங்காதாயம் அதிலிருந்து போகும்.

"மூடிய பிறகு ஏப்ரலில் மார்ச் மாத மின் பில் வந்தது. என்ன செய்வது?"

இறுதிக் கணக்கு இன்னும் கையில்தான் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லை, வரி விவரமும் தாக்கல் செய்யவில்லை என்றால், மார்ச் 31 தேதியிலேயே மின்கட்டணம் பற்று, கொடுபட வேண்டிய மின்கட்டணம் வரவு என்று எழுதி, அதையும் மூடி, இலாபத்தைத் திருத்துங்கள். கணக்கு வெளியே போய்விட்டது என்றால், சிறு தொகையை நடப்பு வருடத்தில் எழுதலாம், "முந்தைய வருடத்துக்கானது" என்று விளக்கத்தில் குறிப்பிட்டு. தொகை பெரிதாக இருந்தால் ஆடிட்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். பழைய தேதியில் நுழைந்து மாற்றினால், கொடுத்த கணக்கும் கணினியில் இருக்கும் கணக்கும் வேறாகிவிடும்; அடுத்த வருடத் தொடக்க இருப்பும் சத்தமில்லாமல் மாறும்.

"மார்ச் சம்பளப் பாக்கியை ஏப்ரல் 5ல் கொடுத்தேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?"

கொடுபட வேண்டிய சம்பளத்தில். அந்த 12,000 சென்ற வருடச் செலவாக ஏற்கெனவே இலாபத்தில் கழிந்துவிட்டது. ஏப்ரலுக்கு வந்தது கடனாக மட்டும்தான். ஆகவே கொடுபட வேண்டிய சம்பளம் பற்று, ரொக்கம் வரவு. பழக்க தோஷத்தில் சம்பளம் பற்று என்று எழுதிவிட்டால் இந்த வருடம் பதின்மூன்று மாதச் சம்பளம் செலவில் ஏறும், தீர்ந்துபோன கடன் வரவில் 12,000 என்று வருடம் முழுக்க நிற்கும்.

இதற்குப் பயந்து சிலர் ஏப்ரல் 1 அன்றே ஒரு எதிர்ப்பதிவு போடுவார்கள்: கொடுபட வேண்டிய சம்பளம் பற்று 12,000, சம்பளம் வரவு 12,000. அப்போது சம்பளக் கணக்கு 12,000 வரவு இருப்போடு வருடத்தைத் தொடங்கும். 5ஆம் தேதி வழக்கம்போலச் சம்பளத்தில் எழுதினாலும் அது சுழியமாகிவிடும். கணக்கு எழுதுகிறவரும் சம்பளம் கொடுக்கிறவரும் வேறு ஆட்கள் என்றால் இந்த முறைதான் நல்லது. எதைச் செய்தாலும் ஏப்ரல் 10 வாக்கில் கொடுபட வேண்டிய சம்பளத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் ஒன்றும் நிற்கக் கூடாது.